துண்டுக் காகிதத்துக்குப் பதில் வேலைப்பலகை: முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

"களுவாஞ்சிக்குடிப் பக்கம் தண்ணிப் பம்ப், மருந்தடிக்கிற மெசின் திருத்துகிற கடையில் வேலை செய்கிறேன். முதலாளி, மெசின் திருத்துகிற ஒரு பாஸ், ஒரு பொடியன், நான் என்று நாலு பேர். எந்த மெசின் யாருடையது, என்ன பழுது, எப்ப வேணும் எல்லாமே துண்டுக் காகிதத்தில்தான். துண்டு தொலைந்தால் சண்டை. ட்ரெல்லோ மாதிரி எல்லாரும் பார்க்கிற ஒரு வேலைப்பலகை வைப்போம் என்று முதலாளியிடம் சொல்ல நினைக்கிறேன். அவருக்குப் புது ஆப் என்றாலே பிடிக்காது. எப்படிச் சொல்வது, பலகையை எப்படி அமைப்பது?"

முதலாளியிடம் பலகையைப் பற்றி இப்போதைக்குக் கதைக்க வேண்டாம். முதலில் அந்தத் துண்டுகளைப் பாருங்கள். அவரிடம் கேட்டுவிட்டு, ஒரு கிழமைக்கு வருகிற எல்லாத் துண்டுகளையும் உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். கிழமை முடிவில் ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேரே மூன்று விஷயம் எழுதுங்கள். அந்த மெசின் இப்போது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது.

எழுதத் தொடங்கியதும் உங்களுக்கே ஒன்று புரியும். துண்டு உண்மையில் மோசமான பொருள் இல்லை. மெசின் வந்ததை அது ஒழுங்காகச் சொல்கிறது. வந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் அதில் இல்லை. சம்மதம் கேட்டாச்சா என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும். எந்தச் சாமான் இல்லை என்பது பாஸுக்கு மட்டும் தெரியும். முடிந்த மெசினை எந்த மூலையில் வைத்தது என்பது பொடியனுக்கு மட்டும் தெரியும். நாலு பேரும் ஒரே நேரத்தில் கடையில் இருந்தால் சமாளிக்கலாம். பாஸ் ஒரு கிணற்று மோட்டரைப் பார்க்க வெல்லாவெளிப் பக்கம் போய்விட்டால், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொன்றும் தெரியவரும். இதைத்தான் நீங்கள் முதலாளிக்குக் காட்ட வேண்டும். நான் பார்த்த திருத்தக் கடைகளில் மெசின்கள் பாஸின் மேசையில் தேங்குவது குறைவு. தேங்குவது இரண்டு இடத்தில். ஒன்று, "இவ்வளவு செலவாகும், செய்யவா?" என்று ஆளிடம் கேட்காமல் கிடப்பவை. மற்றது, சீலோ பெயாரிங்கோ கப்பாசிட்டரோ வாங்காமல் கிடப்பவை. இரண்டுமே திருத்த வேலை இல்லை. ஒன்று ஒரு போன் கோல், மற்றது ஒரு சாமான் பட்டியல்.

இதை ஒரு எளிய கணக்கால் காட்டலாம். ஒரு நாள் காலை கடையில் கிடக்கும் வாடிக்கையாளர் மெசின்களை எல்லாம் எண்ணுங்கள். முடிந்தது, முடியாதது இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு, சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை மெசின் வருகிறது என்று கிழமைத் துண்டுகளிலிருந்து பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் பிரித்தால், ஒரு மெசின் சராசரியாக எத்தனை நாள் உங்கள் கடையில் கிடக்கிறது என்று வரும். ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் கணிதமாக நிறுவிய தொடர்பு இது. உதாரணத்துக்கு, தரையில் 24 மெசின், நாளுக்கு 4 வரவு என்றால், சராசரி 6 நாள். ஒரு மருந்து மெசினின் வாஷர் மாற்றிக் கழுவிக் கொடுக்க அரை மணித்தியாலம். வைண்டிங் கட்டி வார்னிஷ் காய்கிற மோட்டருக்குக்கூட வேலை ஒன்றிரண்டு நாள்தான். மீதி நாட்கள் வெறும் காத்திருப்பு. வரவும் போக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் கிழமைகளில்தான் இந்தக் கணக்குச் சரிவரும். மாரிப்போகத்தில் விதைப்பு முடிந்து மருந்து மெசின்கள் ஒரேயடியாக வந்து குவியும்போது எண்ணினால் தப்பான விடை வரும். அதனால் சாதாரண ஒரு கிழமையில் எண்ணுங்கள்.

மாரிப்போகக் காலத்தில் இந்த நாட்கள் எவ்வளவு பெறுமதி என்று உங்கள் முதலாளிக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. விதைத்து இரண்டு மூன்று கிழமைக்குள் புல்லுக்கு அடிக்க வேண்டும். மெசின் அதற்குள் கைக்கு வராவிட்டால் அந்த விவசாயி அடுத்த முறை கல்முனைக்குப் போய்விடுவார்.

சரி, இனிப் பலகைக்கு வருவோம். ட்ரெல்லோவில் தொடங்க வேண்டாம், சுவரில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. ட்ரெல்லோ 2011இல்தான் வந்தது. அதன் அடியில் இருக்கும் யோசனை, 1950களில் டொயோட்டாத் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ அட்டைகளை வைத்துச் செய்தது. அட்டையே போதும். கிரீஸ் படிந்த கையோடு பாஸ் போனைத் திறக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதலாளிக்கும் சுவரில் இருப்பது கடைச் சாமான்தான், பழக வேண்டிய புதுச் சங்கதி இல்லை.

வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதுவதையும் நான் சொல்ல மாட்டேன். திருத்தக் கடையில் யாராவது தோள் உரசினால் ஒரு வரி அழிந்துவிடும். ஏறத்தாழ 4 அடிக்கு 3 அடியில் ஒரு பிளைவூட் துண்டு, அதில் நிரை நிரையாகச் சின்ன ஆணி, மேல் பக்கம் துளையிட்ட தடித்த அட்டைகள். இவ்வளவும் கடையிலேயே இருக்கும். பில் மேசைக்கும் பாஸின் மேசைக்கும் நடுவில், இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிற உயரத்தில் மாட்டுங்கள். உள்ளறையில் மாட்டிய பலகையை யாரும் பார்ப்பதில்லை.

பலகையை ஐந்தாகப் பிரியுங்கள். இடமிருந்து வலமாக: "வந்தது", "ஆளிடம் கேட்கணும்", "சாமான் வரணும்", "பாஸ் கையில்", "முடிஞ்சது, எடுக்கணும்". தலைப்பு உங்கள் கடையில் வாயால் சொல்கிற மாதிரியே இருக்கட்டும். ஆறாவது, ஏழாவது பகுதி வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். நடுவில் இருக்கும் இரண்டு காத்திருப்புப் பகுதிகளில்தான் இந்தப் பலகையின் பலன் முழுவதும் இருக்கிறது. பலர் "செய்யணும், செய்யிறம், செய்தாச்சு" என்று மூன்றாகப் பிரித்துவிட்டுப் பலகை உதவவில்லை என்பார்கள். காரணம், காத்திருக்கிற மெசின் எல்லாம் "செய்யிறம்" என்பதற்குள் ஒளிந்துகொள்கிறது.

அட்டையின் எண்ணைப் புதிதாக உருவாக்காதீர்கள். பிரதி விழுகிற பில் புத்தகத்தில் ஏற்கனவே அச்சடித்த எண் இருக்கும். மெசின் வந்தவுடன் அதில் எழுதி மேல் தாளை ஆளிடம் கொடுங்கள். அதே எண்ணை அட்டையிலும், மெசினில் கம்பியால் கட்டுகிற சின்னத் தகரத் துண்டிலும் போடுங்கள். அட்டையில் எண், ஊர், மெசின், பழுது, வந்த திகதி போதும். போன் நம்பரும் கடன் பாக்கியும் அட்டைக்கு வரக்கூடாது. கடைக்கு வருகிற எல்லாரும் பலகையைப் பார்ப்பார்கள். ஒருவருடைய கடனை அடுத்தவர் வாசிப்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. நம்பர் பில் புத்தகத்தில் இருக்கட்டும், கடன் கடன் கொப்பியில் இருக்கட்டும்.

அட்டையை யார் நகர்த்துவது என்பதில் ஒரே விதிதான்: யார் கையில் அந்த வேலை முடிந்ததோ அவர், அந்த நேரமே. பின்னேரம் சேர்த்து நகர்த்துவோம் என்று விட்டால் நகர்த்தவே மாட்டீர்கள். இதோடு "பாஸ் கையில்" பகுதியில் இரண்டே ஆணி அடியுங்கள். மூன்றாவது அட்டை தொங்க இடமே இருக்கக்கூடாது. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் கழற்றிய மெசின் மூன்று நாலு மேசையில் கிடக்கும்போதுதான் போல்ட் மாறுகிறது, வாஷர் தொலைகிறது, ஒருவருடைய இம்பெல்லர் மற்றவருடைய பம்புக்குள் போகிறது. சாமான் இல்லையென்று தெரிந்தால், கழற்றியதை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, தகரத் துண்டையும் அதோடு கட்டி ஒதுக்கிவைத்துவிட்டு, அட்டையைச் "சாமான் வரணும்" பகுதிக்குத் திருப்பி நகர்த்த வேண்டும். அட்டை பின்னால் போவது தப்பில்லை என்று பாஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் வெட்கத்தில் அதைத் தன் பகுதியிலேயே வைத்திருப்பார்.

ஒரு மெசினை எடுத்து முழுவதும் பார்ப்போம். திங்கட்கிழமை, மண்டூரிலிருந்து ஒருவர் பாதைப் படகேறி குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோவில் 1 குதிரைவலுப் பம்ப் ஒன்றைக் கொண்டுவருகிறார். தண்டுப் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது, சத்தமும் போடுகிறது. பாஸ் அன்றைக்கே திறந்து பார்க்கிறார். சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போய்ப் பெயாரிங்கும் துருப்பிடித்திருக்கிறது. இரண்டும் மாற்ற வேண்டும். பெயாரிங் கடையில் இருக்கிறது, அந்த அளவு சீல் இல்லை.

இப்போது நடப்பது என்ன? பாஸ் ஒரு துண்டில் "மண்டூர் பம்ப், சீல்" என்று எழுதி மேசையில் வைக்கிறார். அதன் மேல் ஒரு மோட்டர் மூடி ஏறிவிடுகிறது. முதலாளி புதன்கிழமை கல்முனைக்குச் சாமான் எடுக்கப் போகிறார். அந்த சீலைப் பற்றி அவருக்குத் தெரியாது. செலவைப் பற்றி ஆளிடமும் யாரும் கேட்கவில்லை. பாஸ் கேட்டிருப்பார் என்று நீங்கள் நினைத்தீர்கள், நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று பாஸ் நினைத்தார். வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் பாதையேறி வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். போகும்போது போட்ட சத்தம் கடைக்குள் சண்டையாகிறது. இதில் பாஸ் வேலை செய்த நேரம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

பலகை இருந்தால், திங்கள் பகலே அந்த அட்டை "ஆளிடம் கேட்கணும்" பகுதியில் தொங்கும். பாஸ் அட்டையின் பின்பக்கம் "சீல், பெயாரிங், கூலி" என்று எழுதியிருப்பார். நீங்கள் பில் புத்தகத்தில் நம்பரைப் பார்த்துக் கோல் எடுக்கிறீர்கள். அவர் சம்மதித்ததும் அட்டை "சாமான் வரணும்" பகுதிக்குப் போகிறது. புதன்கிழமை காலை முதலாளி புறப்படும்போது அந்தப் பகுதியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அது அப்படியே அவருடைய சாமான் பட்டியல். புதன் பின்னேரம் சீல் வந்துவிடும், வியாழன் மெசின் முடியும். அட்டை வலது ஓரத்துக்கு வந்த பிறகுதான் "வாங்க" என்று மண்டூருக்குச் சொல்கிறீர்கள். அவருக்கு ஒரே பயணம்.

முதலாளியிடம் சொல்லும்போது இந்த மாதிரி ஒரு மெசினைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் கடையில் உண்மையாக நடந்ததாக இருக்கட்டும், ஆனால் அவர் மறந்த ஒன்றாக இருக்க வேண்டாம். அவரைக் குற்றம் சாட்டுவதாகப் போய்விடும். துண்டு எழுதுவது கெட்ட பழக்கம் என்றும் சொல்லாதீர்கள். இருபது வருஷம் அந்தத் துண்டுகளை வைத்துத்தான் அவர் கடையை நடத்தியிருக்கிறார். நேரமும் முக்கியம். சந்தை நாளிலோ ஆட்கள் நிற்கும்போதோ வேண்டாம், கடை பூட்டுகிற நேரம் நல்லது. ஏறத்தாழ இப்படிக் கதைக்கலாம்:

"முதலாளி, ஒரு விஷயம் கேட்கலாமா? இண்டைக்குக் காலையில எண்ணிப் பார்த்தன், 24 மெசின் கிடக்கு. அதுல 9 சாமான் இல்லாமக் கிடக்கு, 5க்கு ஆளிட்ட இன்னும் விலை கேக்கல்ல. 6 முடிஞ்சு, எடுக்க வராமக் கிடக்கு. பாஸ் செய்ய வேண்டியது நாலுதான். பிளைவூட் துண்டுல ஆணியடிச்சு அட்டை மாட்டினா, இது தினமும் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். நீங்க துண்டு எழுதுறதை எழுதுங்க, அட்டையில நான் ஏத்துறன். பம்புக்கு மட்டும், ரெண்டு கிழமை பார்ப்பம். சரிவராட்டி நானே கழட்டுறன்."

இதில் இருக்கும் எண்களுக்குப் பதில் உங்கள் கொப்பியில் வந்த எண்களைப் போடுங்கள். மற்றதெல்லாம் காரணத்தோடு வைத்தது. அவர் எதையும் மாற்றத் தேவையில்லை, செலவில்லை, எல்லா மெசினும் இல்லை, முடிவுத் திகதி இருக்கிறது. முடிந்து கிடக்கும் ஆறைக் கடைசியில் தனியாக விளக்குங்கள். ஒவ்வொன்றிலும் கடைக் காசில் வாங்கிய சாமான் ஏறியிருக்கிறது. ஒன்றுக்குச் சராசரி 3,500 ரூபா பில் என்றால், 21,000 ரூபா அந்த மூலையில் நிற்கிறது. முதலாளிமார் பலகையில் முதலில் பார்க்கப் பழகுவது அந்த வலது ஓரத்தைத்தான்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க மனே?" என்று அவர் கேட்கக்கூடும். காலையில் கடை திறந்ததும் பத்து நிமிஷம் என்று சொல்லுங்கள். நாலு பேரும் நின்றபடியே பலகையை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். முதலில் முடிந்தவை: யாருக்குச் சொல்லியாச்சு, யாருக்குச் சொல்ல வேண்டும். பிறகு சாமான், பிறகு சம்மதம். புதிதாக வந்தவை கடைசியில். இடமிருந்து தொடங்கினால் புது வரவுகளைப் பற்றிக் கதைத்தே பத்து நிமிஷமும் போய்விடும், காசாக வேண்டியவை அப்படியே கிடக்கும்.

அவசர வேலை வரும். முதலாளியின் சொந்தக்காரர், பக்கத்துக் கோயில் மோட்டர், பள்ளிவாசல் தண்ணித் தாங்கி. இதைத் தடுக்க முயலாதீர்கள், முடியாது. ஒரே ஒரு சிவப்பு அட்டை செய்து முதலாளியிடம் கொடுங்கள். எந்த மெசினுக்கு அது மாட்டப்படுகிறதோ அது முதலில் நடக்கும். அடுத்த அவசரம் வந்தால் முதல் சிவப்பு முடிய வேண்டும். அவருடைய அதிகாரம் அவரிடமே இருக்கும், எதைத் தள்ளிவைக்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பலகை செத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தரையில் கிடக்கும் ஏதாவது மூன்று மெசினைத் தொட்டு, தகரத் துண்டின் எண்ணை வாசித்து, பலகையில் தேடுங்கள். மூன்றும் சரியான பகுதியில் இருந்தால் நல்லது. ஒன்று பிழைத்தால் உடனே திருத்தி, யார் நகர்த்த மறந்தது என்று மெதுவாகக் கேளுங்கள். இரண்டு பிழைத்தால் ஆட்கள் பலகையை நம்புவதை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே கடையை முழுக்க எண்ணி, அட்டைகளைப் புதிதாக மாட்ட வேண்டும். பெரும்பாலும் பிழை வருவது, மெசின் வந்து அட்டை எழுதாமல் விட்ட இடத்தில்தான். பில் புத்தகத்தையும் அட்டைகளையும் ஒரே லாச்சியில் வைத்தால் அது குறையும்.

இரண்டு கிழமை முடிந்ததும் அதே கணக்கைப் பம்புகளுக்கு மட்டும் திரும்பச் செய்யுங்கள். இதற்காக முதல் எண்ணிக்கையிலேயே பம்புகளைத் தனியாகக் குறித்துவைத்திருக்க வேண்டும். நாட்கள் குறைந்திருந்தால் மருந்து மெசின்களையும் பலகையில் ஏற்றலாம். குறையவில்லையென்றால் எந்தப் பகுதியில் அட்டை குவிந்திருக்கிறது என்று பாருங்கள். "சாமான் வரணும்" என்பதில் என்றால், அடிக்கடி மாற்றுகிற இரண்டு மூன்று அளவு சீலையும் கப்பாசிட்டரையும் கையிருப்பில் வைக்க வேண்டியிருக்கும். பலகை அதைக் காட்டும், வாங்கித் தராது. அது முதலாளியின் முடிவு.

போனுக்கு எப்போது மாறுவது? கடைக்கு வெளியே இருப்பவருக்கும் பலகை தேவைப்படும்போது. அதுவரை காலையிலும் பின்னேரமும் பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். குழுவையே பலகையாக்க வேண்டாம். ஒரு பம்பைப் பற்றிய செய்தி பத்துக் குரல் பதிவுகளுக்கு அடியில் போனால் யாரும் தேடி எடுப்பதில்லை. பாஸ் நாளுக்கு இரண்டு மூன்று தடவை வெளியே இருந்து "அந்த மோட்டர் என்ன நிலை?" என்று கேட்கத் தொடங்கினால் ட்ரெல்லோவுக்கு நேரம் வந்துவிட்டது. நாலு பேருக்கு அதன் இலவசத் திட்டமே போதும். ஐந்து பகுதிகளையும் அதே பெயரில், அதே வரிசையில் தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு அட்டையிலும் மெசினின் படத்தை ஏற்றுங்கள், எண் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்துப் பாஸ் கண்டுபிடிப்பார். காசு கொடுத்து எடுத்துப் போன மெசினின் அட்டையை Archive செய்யுங்கள், Delete செய்ய வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே பம்ப் திரும்பி வரும்போது போன முறை என்ன மாற்றியது என்று அதில் இருக்கும். மாறுகிற நாளில் சுவர்ப் பலகையைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒரு கிழமைக்குள் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும், பாஸ் பழையபடி துண்டில் எழுதத் தொடங்கிவிடுவார்.